ஜெபசிங் மிச்சம் பிடித்த நேரம்

அலைவாய் ரிசார்ட்ஸுக்குக் கடற்கரையோரம் மூன்று இடங்களில் அறைகள் இருந்தன. ஒன்று திருவிடந்தையில், ஒன்று மாமல்லபுரத்தில், இன்னொன்று அதற்கும் தெற்கே. ஆனால் அந்த அறைகளை வாடகைக்கு விடுகிற அலுவலகம், உப்புக்காற்றின் வாசனைகூட எட்டாத செங்கல்பட்டில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. 'கடல் பார்த்த அறை வேண்டுமா' என்று நாள் முழுக்க ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ஜன்னலைத் திறந்தால் ஆட்டோ ஸ்டாண்டைத்தான் பார்த்தார்கள்.

அங்கே ஜெபசிங்குக்கு 'ஆட்டோமேஷன் லீட்' என்று பதவி. பதவியைச் சொன்னால் ஏதோ பத்துப் பேர் அவனுக்குக் கீழே வேலை செய்வதுபோலத் தோன்றும். ஒருவரும் கிடையாது. அவனுக்குக் கீழே இருந்தது ஒரு நிரல் மட்டும்தான். அதற்கு அவன் வைத்த பெயர் பொடியன்.

பயண வலைத்தளங்களிலிருந்து அறை கேட்டு மெயில் வந்தால், பொடியன் அதைத் திறந்து படிக்கும். பெயர், தேதி, எந்த அறை, என்ன வாடகை என்று பொறுக்கியெடுத்து, ரிசார்ட்டின் மென்பொருளில் போய் அந்தந்தக் கட்டத்தில் நிரப்பும். நிரப்பிவிட்டு விருந்தாளிக்கு 'உங்கள் அறை உறுதி' என்று வாட்ஸப்பும் அனுப்பும். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் இதையெல்லாம் கையால் செய்துகொண்டிருந்தவர்கள் கல்யாணியும் ரமேஷும். பொடியன் வந்த பிறகும் அதே இருவர் அதே நாற்காலிகளில் இருந்தார்கள். அதுதான் பின்னால் வினையாக வந்தது.

ஜெபசிங்கின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அவன் அப்பா ஏசுதாஸிலிருந்து தொடங்க வேண்டும். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று பிடுங்கியவர். நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு, ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். அம்மா மேரி இப்போதும் மகளிர் குழுவோடு நூறு நாள் வேலைக்குப் போகிறவள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கூலி கிடைத்தால்தான் அது வேலை. மற்றதெல்லாம் சும்மா. மேரி விடியலில் தண்ணீர் பிடித்து, ஆட்டுக்குத் தழை ஒடித்து, மூன்று பேருக்குச் சோறாக்கி, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்து, "இன்னா பண்ணினு இருந்த?" என்று கேட்டால், "சும்மாதான் கீறேன்" என்பாள். பொய் சொல்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றாது.

மகன் பி.காம் படித்தான். மாமல்லபுரம் ரிசார்ட்டின் வரவேற்பு மேஜையில் ஷிப்ட் பார்த்தான். அங்கே சும்மா கிடைத்த நேரத்தில், சும்மா வீடியோ பார்த்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டான். பொடியனைச் செய்து காட்டிய அன்று பெரிய முதலாளி அவன் முதுகில் தட்டி, மாதம் ஆறாயிரம் கூட்டி, மேஜை நாற்காலி கொடுத்து செங்கல்பட்டில் உட்கார வைத்தார். ஏசுதாஸ் மகனுக்குச் சுழலும் நாற்காலி. அந்தப் படத்தை அவர் போனில் வைத்துக்கொண்டு வாட்ச்மேன் கூண்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். நாமும் காட்டியிருப்போம்.

அந்தச் சந்தோஷத்தையெல்லாம் தாங்கி நின்றது ஒரே ஒரு ஸ்லைடு. 'ஒரு புக்கிங்கைக் கையால் ஏற்ற எட்டு நிமிடம். ஒரு நாளைக்கு நாற்பது புக்கிங். மாதம் நூற்றறுபது மணி நேரம் மிச்சம்.' கீழே ஒரு ராக்கெட் படம்.

புதிதாகக் கணக்குப் பிரிவுத் தலைவராக வந்த ஷபானா மேடம் ராக்கெட்டைப் பார்க்கவில்லை. மணி நேரத்தைப் பார்த்தார். பொடியனை ஓட்டுகிற தளத்துக்கு வருஷச் சந்தா புதுப்பிக்க வேண்டிய சமயம் அது.

"சந்தா, சர்வர் வாடகை, வாட்ஸப் மெசேஜ் காசு எல்லாம் சேர்ந்து மாசம் பதினோராயிரம் வருது ஜெபசிங். தப்பில்ல. நூத்தறுபது மணி நேரம்னா கிட்டத்தட்ட ஒரு ஆளோட மாச வேலை. ஆனா புக்கிங்ல அன்னைக்கும் ரெண்டு பேர், இன்னைக்கும் ரெண்டு பேர். மிச்சமான ஆள் எங்க?"

ஜெபசிங் சிரித்துவைத்தான். என்ன சொல்வதென்று தெரியாதபோது அவன் அதைத்தான் செய்வான்.

"கல்யாணியோட சம்பளம்தான் ரெண்டு பேர்ல அதிகம். அவங்களை அடுத்த மாசத்தோட அனுப்பிடலாம்னு மேல பேச்சு இருக்கு. நீங்க அந்த ஸ்லைடை இந்த வருஷத்துக்குப் புதுப்பிச்சுக் குடுத்தா போதும். வெள்ளிக்கிழமை மீட்டிங்."

அவன் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் கல்யாணி யாரோ ஒரு விருந்தாளியிடம் போனில், "நீச்சல் குளம் கீது சார், ஆழம் கம்மிதான், கொயந்தைங்க தாராளமா எறங்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கணவன் இறந்து ஆறு வருஷமாகிறது. மகள் மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருஷம். ஜெபசிங் இந்த அலுவலகத்துக்கு வந்த முதல் வாரத்தில், டிபன் டப்பாவில் பாதியை அவன் பக்கம் தள்ளி, "துன்னு. கூச்சப்பட்டீனா வயிறு தான் காயும்" என்றவள்.

தேதியை மாற்றி, ஸ்லைடை அப்படியே கொடுத்துவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. கொடுத்தால் அவன் நாற்காலி அவனுடையது. கல்யாணிக்கு நாற்காலி இருக்காது. ஸ்லைடில் தப்பு இருக்கிறது என்று சொன்னால், அந்த ஸ்லைடின்மேல் கட்டிய பதவிக்கு என்ன அர்த்தம்? அன்று அவன் சாப்பிடவில்லை. கல்யாணி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான்.

நேர்மையாகச் சொன்னால், முதலில் அவன் தேடியது கல்யாணியைக் காப்பாற்றும் வழியை அல்ல, இரண்டு பேரும் தப்பிக்கும் வழியை. பொடியன் நிஜமாகவே நிறைய நேரத்தை மிச்சம் பிடிக்கிறது, அந்த நேரத்தில் கல்யாணி வேறு பெரிய வேலை செய்கிறாள் என்று எழுதிவிட்டால்? அதற்கு என்ன வேலை என்று காட்ட வேண்டும். சரி, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம் என்று செவ்வாய்க்கிழமை போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அவள் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இன்னா, சி.ஐ.டி. வேலையா?" என்றாள் கல்யாணி.

"சும்மா ஒரு கணக்குக்கா. பொடியனை நிறுத்தி வெச்சிருக்கேன். பழையபடி நீயே ஒரு பத்து புக்கிங் கையால போடு, பாக்கலாம்."

அவள் போட்டாள். விரல்கள் தம்பாட்டுக்குப் போயின. அவன் ஸ்டாப்வாட்சை இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டான். ஒரு புக்கிங்குக்கு மூன்றரை நிமிடம். ஒன்றிரண்டுக்கு மூன்றுகூட ஆகவில்லை.

"எட்டு நிமிஷம் ஆவுமே?"

"எட்டா? யாரு சொன்னா?"

"நாந்தான் அளந்தேன், அன்னிக்கி."

"எப்போ? டிசம்பர்லயா? மாமல்லபுரத்துல டான்ஸ் பெஸ்டிவல் நேரம், போன் ஒரு பக்கம் அடிச்சினே கீது, ரமேஷு அப்பத்தான் சேந்து பத்து நாளு. அவன் பக்கத்துல உக்காந்துதான அளந்த? அவன் ஒரு பேர அடிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு டீ ஆறிப்பூடும்."

ஜெபசிங்குக்குக் காது சூடாயிற்று. அவள் சொன்னது உண்மை. கூட்டம் நெரிகிற மாதத்தில், வேலை தெரியாத ஆளை அளந்து, அதை வருஷம் முழுக்க நீட்டியிருந்தான். நாற்பது புக்கிங்கும் அந்த மாதத்து நாற்பதுதான். பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்துப் பார்த்தால், ஒரு நாளைக்கு இருபத்திரண்டு. அதிலும் ஆறு, குழுவாக வருகிறவர்கள், கூடுதல் கட்டில் கேட்கிறவர்கள், விடியற்காலையில் வந்து இறங்குகிறவர்கள். அவற்றைப் பொடியனால் தொடவே முடியாது. அன்றும் இன்றும் மனிதர்தான் செய்கிறார்கள். மிச்சம் பதினாறு. பதினாறு மூன்றரை நிமிடம் என்றால், மாதத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம். நூற்றறுபது எங்கே, இருபத்தெட்டு எங்கே?

அவனுக்கு ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் ஆறுதல். இருபத்தெட்டு மணி நேரத்துக்காக ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியாது. பொடியனும் ஏதோ கொஞ்சம் உதவுகிறது. கொஞ்சம் கெட்ட பேரோடு, பொடியனையும் சேர்த்து மூன்று பேரும் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலம் வண்டியை எடுக்கக் கீழே இறங்கினான். பாதி வழியில், ஹெல்மெட்டை மேலேயே விட்டது நினைவுக்கு வந்தது.

ரமேஷ் கிளம்பிப் போயிருந்தான். விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு விளக்கின் கீழே கல்யாணி மட்டும் உட்கார்ந்திருந்தாள். திரையின் ஒரு பாதியில் மெயில், மறு பாதியில் பொடியன் ஏற்றிய பதிவு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, உதட்டை அசைத்துப் பெயரையும் தேதியையும் படித்து, அடுத்ததற்குப் போனாள்.

"இன்னாக்கா பண்ற?"

அவள் திடுக்கிட்டாள். "நீ போவலியா? ஒண்ணுமில்ல, சும்மா ஒரு பார்வ பாக்கறேன்."

"தினமுமா?"

அவள் அடுத்த மெயிலைத் திறந்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்லுக்கா."

"சொல்றதுக்கு இன்னா கீது? போன வருஷத்துக்கு மொத வருஷம், அந்தக் கல்யாண ஜோடி வந்தாங்களே திருவிடந்தைக்கு, உனுக்குத் தெரியாது. கோயில்ல வேண்டினு, கல்யாணம் ஆயிருச்சின்னு மாலையோட சுத்திட்டுப் போறதுக்கு வந்திருந்தாங்க. பொண்ணு பட்டுப் பொடவ, மாலைய பத்திரமா ஒரு கவர்ல வெச்சினு கீது. ரூம் இல்ல. ஜூன் அஞ்சாந் தேதி கேட்டவங்களுக்கு மே ஆறாந் தேதி போட்டு வெச்சிருக்குது உன் பொடியன். அன்னிக்கி மூணு எடத்துலயும் ரூம் ஃபுல்லு. அந்தப் பொண்ணு கேட்டுக்கு வெளிய நின்னு அழுதுச்சாம்."

ஜெபசிங்குக்கு உடனே புரிந்தது. ஒரு வலைத்தளம் திடீரென்று மாதத்தை முன்னாலும் தேதியைப் பின்னாலும் போட்டு மெயில் அனுப்பத் தொடங்கியிருந்த சமயம் அது. பதின்மூன்று, பதினான்கு என்று வந்தால் அப்படியொரு மாதம் கிடையாது என்று பொடியன் நின்றுபோகும். அது நின்றதைப் பார்த்துத்தான் அவன் சரிசெய்தான். ஆனால் பன்னிரண்டுக்குள் இருந்த தேதிகள் சத்தமில்லாமல் தலைகீழாக உள்ளே போயிருந்தன. இனிமேல் வருவதைச் சரிசெய்தவன், ஏற்கெனவே உள்ளே போனதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு யாருமே சொல்லலியே."

"புக்கிங் ஆள் தப்புன்னு எழுதிட்டாங்க. நானும் ஆமான்னுட்டேன். ரெண்டு நாள் சம்பளம் புடிச்சாங்க."

"ஏன்க்கா ஆமான்ன?"

"அப்பத்தான உனுக்குப் புது சீட்டு குடுத்திருந்தாங்க? உங்கப்பா வேற ஸ்வீட் பாக்ஸோட வந்து நின்னாரு. நாம போயி உன் மிஷின் தப்பு பண்ணிச்சின்னு சொல்றதா?" அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அத்தோட வுட்டுச்சா? நான் பாத்தத வெச்சி சொல்றேன், மாசம் ரெண்டு மூணு தப்பு வந்துனுதான் கீது. நானே திருத்திடுவேன். இதெல்லாம் ஒரு வேலையா?"

மாதத்துக்கு இரண்டு மூன்று. அவன் ஸ்லைடில் 'பிழை: பூஜ்யம்' என்று போட்டிருந்தான். அது பொய்யில்லை, பிழை அவன் கண்ணுக்கு வருவதற்கு முன்னால் ஒருத்தி துடைத்துவிட்டிருந்தாள். ஒரு புக்கிங்கைச் சரிபார்க்க இரண்டு நிமிடம். பதினாறுக்கு அரை மணி நேரத்துக்கு மேல். வேலை நேரம் முடிந்த பிறகு. தினமும்.

அவன் கோபத்தோடு வீட்டுக்குப் போனான். யார்மேல் கோபம் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அவன் மனைவி ஜெனிஃபர் கூடுவாஞ்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மின்சார ரயிலில் போய்வருகிறவள். அவளுக்கு ஷிப்ட் என்றால் ஷிப்ட். பத்து நிமிடம் கூடினாலும் எழுதி வாங்கிவிடுவாள். ஜெபசிங் சாப்பிட்டுக்கொண்டே கணக்கைச் சொல்லச் சொல்ல, அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

"இருபத்தெட்டுல அந்தக்கா மாசம் சரிபாக்கற பதினாறு மணி நேரத்தப் போக்கினா பன்னெண்டு மணி நேரம். அந்தக்கா சம்பளத்துக்கு மணிக்குத் தொண்ணூறு ரூபாகூட வரல. ஆக ஆயிரம் ரூபாச் சொச்சம் மிச்சம் பண்றதுக்கு, கம்பெனி பதினோராயிரம் கட்டுது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றான் அவன்.

"அத்தோட முடிஞ்சிச்சா?" என்றாள் ஜெனிஃபர்.

"அவ்ளோதான்."

"உன் ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்க?"

"அது இன்னா ஞாயித்துக்கிழமை?"

"இந்த மாசம் எத்தினி தபா சர்ச்சுக்கு வந்த? ஒரு தபா. மத்த நாளெல்லாம் அந்த வெப்சைட்டு பட்டன மாத்திட்டான், இந்த மெயில் வேற மாறி வருதுன்னு லேப்டாப்ப வெச்சினு ஒக்காந்திருந்த. போன மாசம் இவ பர்த்டே அன்னிக்கி கேக்கு வெட்டிட்டு ஓடிப்போயி எதையோ ரிப்பேர் பண்ண. அதெல்லாம் கணக்கு இல்லியா?"

"அது... வூட்ல சும்மா பண்றது, ஜெனி. அதுக்கு யாரு காசு குடுக்கறாங்க?"

ஜெனிஃபர் பின்னலை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "காசு குடுக்கலன்னா அது நேரம் இல்லியா? இது உங்கம்மா பேச்சு. தண்ணி மொண்டு, சோறாக்கி, ஆடு மேச்சிட்டு 'சும்மா கீறேன்'னு சொல்றவங்க புள்ளதான நீ."

அவனுக்குச் சுருக்கென்றது. கல்யாணி தன் அரை மணி நேரத்தைச் சும்மா என்றபோது அவனுக்கு வந்த கோபம், தன் ஞாயிற்றுக்கிழமைகளைச் சும்மா என்றபோது வரவில்லை என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். பழுது பார்த்த ஒவ்வொரு முறையும் நிரலில் தேதியோடு பதிவாகியிருக்கும். எடுத்து எண்ணிப் பார்த்தான். ஒரு மாதம் குறைவு, ஒரு மாதம் அதிகம். ஆக மொத்தம் சராசரியாக மாதம் பதினைந்து மணி நேரம். பன்னிரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பதினைந்து மணி நேரம் செலவழித்திருக்கிறான். பொடியனை இரண்டரை வருஷமாகத் தோளில் தூக்கிச் சுமந்துகொண்டு, அது தன்னைச் சுமப்பதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான்.

அந்தப் பதினைந்தைப் போடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் மனம் கிடந்து அலைந்தது. போடாவிட்டாலும் கல்யாணியின் வேலைக்குப் பங்கமில்லை. பொடியனின் ஓட்டைகளை அடைத்துவிட்டால் செலவைக் குறைக்கலாம், இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று ஷபானா மேடமிடம் கேட்க முடியும். தன் நாற்காலி தப்பிக்க இருந்த ஒரே சந்து அதுதான். போட்டுவிட்டால் அந்தச் சந்தும் அடைபட்டுவிடும்.

போட்டான். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. கல்யாணியின் இரண்டு நிமிடத்தை எழுதிவிட்டுத் தன் நேரத்தை மறைத்தால், அது அவளைக் காட்டிக்கொடுத்ததுபோல ஆகிவிடும் என்று பட்டது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஷபானா மேடம் அவன் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தார். கால்குலேட்டரைத் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்க ஸ்லைடை நீங்களே கிழிச்சிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"டிசம்பர்ல அளந்ததுதான் மொதல் தப்பு. எல்லாரும் பண்றதுதான். யாராவது ஒரு மெஷினைக் கொண்டாந்து காட்டினா, கூட்டம் அதிகமா இருக்கற நாளாப் பாத்துத்தான் அளப்பாங்க. ஆனா அதை நிறுத்தலாமா வேணாமான்னு பாக்கறப்ப யாரும் திருப்பி அளக்க மாட்டாங்க. நீங்க அளந்திருக்கீங்க." அவர் விரல் கடைசி வரியில் நின்றது. "இந்தப் பதினஞ்சு மணி நேரம் இத்தனை நாள் எங்க இருந்துச்சு?"

"வீட்ல செஞ்சது மேடம். நான் அதைக் கணக்குல சேர்த்துக்கல."

"உங்க சம்பளத்துக்கு மணிக்கு நூத்தம்பது ரூபாக்கு மேல. அப்ப மாசம் ரெண்டாயிரத்து முந்நூறு. இதையும் சேர்த்தா பதின்மூவாயிரத்தைத் தாண்டுது, ஆயிரம் ரூபாவை மிச்சம் பண்ண." அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சந்தாவைப் புதுப்பிக்க முடியாது. கல்யாணியை அனுப்பற பேச்சும் முடிஞ்சுது, அதுக்கு இங்க எந்தக் காரணமும் இல்ல."

ஜெபசிங் மூச்சு விட்டான்.

"ஆனா பொடியன் இல்லன்னா, ஆட்டோமேஷன் லீட்னு ஒரு சீட்டு வேணுமான்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அவன் மறுபடியும் சிரித்துவைத்தான். இந்த முறை அது பாதியில் நின்றுபோனது. "என்னை பழையபடி மாமல்லபுரம் ரிசப்ஷனுக்கே போடுங்க மேடம்."

"ஆறாயிரம் போயிடும்."

"தெரியும் மேடம்."

வெளியே வந்ததும் கல்யாணி அவனை மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள். செய்தி அவனுக்கு முன்னால் அவளிடம் போயிருந்தது. நன்றி சொல்வாள் என்று அவன் மனதில் ஒரு மூலை எதிர்பார்த்திருந்தால், அந்த மூலைக்கு நல்ல அடி விழுந்தது.

"உன்ன யார்ரா கேட்டா? நான் கேட்டனா? உங்கப்பா மொகத்துல எப்டி முழிப்ப? ஆறாயிரம்னா சும்மாவா? அந்தப் புள்ள ஸ்கூல் பீஸ் கீது, வண்டி டியூ கீது. எனக்கு வேற எங்கனா ஒரு வேல கெடைக்காமலா பூடும்?"

"கெடைக்காதுக்கா," என்றான் ஜெபசிங். "ரெண்டு பேருக்கும் தெரியும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

ஏசுதாஸிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. போனில் சொன்னதும், "நீ தப்பு பண்ணிட்டியா நைனா?" என்று கேட்டார். "கணக்குல பண்ணேம்பா" என்றான். "காசு கணக்கா?" என்று பயந்துபோய்க் கேட்டார். "நேரக் கணக்கு" என்றபோது அவருக்கு அது புரியவில்லை. நேரத்தைத் தப்பாகச் சொன்னதற்கு ஒருவனை நாற்காலியை விட்டு இறக்குவார்களா என்று, வாழ்நாளெல்லாம் விடியலுக்கு வயலில் இறங்கிப் பொழுது சாயக் கரையேறியவருக்கு எப்படி விளங்கும்?

மாத முடிவில் பொடியனை நிறுத்தினான். நிறுத்துவதற்கு முன்னால், அது ஏற்கெனவே ஏற்றிவைத்திருந்த வரப்போகும் புக்கிங்குகளையெல்லாம் கல்யாணியும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மெயிலோடு ஒப்பிட்டு முடித்தார்கள். ஒன்றே ஒன்று தப்பாக இருந்தது. திருத்தினார்கள். பிறகு பொத்தானை அழுத்தினான். திரையில் ஒரு பச்சைப் புள்ளி சாம்பலானது. அழுகையெல்லாம் வரவில்லை.

மறுநாள்தான் செங்கல்பட்டில் அவனுக்குக் கடைசி நாள். காலையிலிருந்து கல்யாணியும் ரமேஷும் மெயில் வர வரக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படித்தவரே அடித்தார், அடித்தவரே பார்த்தார். தனியாகச் சரிபார்க்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஜெபசிங் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தான். வேலை நேரம் முடிந்ததும் கல்யாணி எழுந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவசரத்தில் செருப்பை மாற்றி நுழைத்து, மறுபடி சரியாக நுழைத்தாள்.

"இன்னாக்கா இவ்ளோ சீக்கிரம்?"

"ஆறு மணி பஸ்ஸுடா. இப்ப எறங்கினா புடிச்சிடுவேன்."

"எப்பவும் போற பஸ்ஸு?"

"அது ஏழரை பஸ்ஸு. எங்கூருக்கு ஆற வுட்டா ஏழரதான், நடுவுல வண்டியே கெடையாது." அவள் வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். "பொண்ணு ஒரு மணி நேரத்துக்கு மேல தனியா வூட்ட பூட்டினு ஒக்காந்திருக்கும். ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னிக்கித்தான் விளக்கு வெக்கறதுக்கு முந்தி வூட்டுக்குப் போறேன். வரேண்டா. மாமல்லபுரத்துல ஒழுங்கா நாஸ்தா துன்னு."

படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. ஜெபசிங் கையில் பாதி நிரம்பிய அட்டைப்பெட்டியோடு நின்றான். அவளுக்கு அரை மணி நேரம் என்று எழுதியிருந்தான். அதையும் நேர்மை என்று நினைத்து, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தான். அவள் கொடுத்தது தினமும் ஒன்றரை மணி நேரம். கீழே பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் ஜன்னலுக்கு ஓடிப்போய், அவள் ஏறிவிட்டாளா என்று பார்த்தான். ஏறிவிட்டாள்.